லண்டனில் வாங்கிய ஆறு வருடங்கள்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11.40. வெளியே வெப்பநிலை ஒரு பாகை. மழையும் பனியும் கலந்து கொட்டியது. லண்டன் கடிதம் வந்திருந்தது. உடைக்கப் பயமாக இருந்தது.

ரொறன்ரோ வருமுன் லண்டனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் ஏழு வருடம் வேலை செய்தவன் நான். அந்த நாட்டு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து வருடச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு ஒரு பென்னியும் கிடைக்காது. விடுபட்ட வருடங்களை இங்கிருந்தே கட்டலாம். ஆனால், புறப்படும்வரை அங்கே வேலை செய்து, பிறகு வெளிநாட்டிலும் வேலை செய்தவர்களுக்குத்தான் மலிவு விலை. மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு.

ஏப்ரலில் விண்ணப்பம் நிரப்பும்போது, கடைசி வேலை நாள் எது என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"லண்டனிலை கடைசியா எண்டைக்கு வேலைக்குப் போனனான்?" என்று மனைவியைக் கேட்டேன்.

"மறந்துபோச்சே? பிளேன் ஏற ஆறு மணித்தியாலம் இருக்கேக்கை பெற்றோல் ஷெட்டிலை நிண்டனீங்கள். நான் நாலு சூட்கேசோட தனிய வாசலிலை. முப்பத்தைஞ்சு வருசமாச் சொல்லுறன், ஒருநாள் காதிலை விழுந்ததே?"

அன்றுதான் விழுந்தது. பயண நாளையே கடைசி வேலை நாளாக எழுதி அனுப்பினேன். அவர்களுடைய பதிவில் அது இல்லாவிட்டால்? ஏழு மாதம் சரியான நித்திரை இல்லை.

கடிதத்தை உடைத்தேன். மலிவு விலை!

குசினி மேசையை மூன்று தரம் சுற்றி ஓடினேன். மனைவி அடுப்பை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"பிறஷர்காரன், விழப்போறியள். இருங்கோ."

இருந்து கணக்குப் பார்த்தேன். மூன்று வருடத்தைக் கட்டினால் பத்தாகிவிடும். வாரம் ஏறக்குறைய அறுபத்தாறு பவுண் வரும். ஒன்பதாவது வாரத்தில் கட்டியது திரும்பிவிடும். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சை ஆறு வருசமெல்லோ போட்டிருக்கு. மிச்ச மூண்டையும் ஏன் விடுறியள்?"

"கனடாவிலை இருக்கிறவைக்கு அவங்கள் வருசாவருசம் கூட்டித் தரமாட்டாங்களப்பா. தொடங்கின காசுதான் கடைசிவரைக்கும்."

"அப்ப பெருசாத் தொடங்கட்டுமன்!"

மறுபடி கணக்கு. ஆறையும் கட்டினால் பதின்மூன்றாவது வாரத்தில் முதல் திரும்பிவிடும்.

"பென்சன் தொடங்கிப் பதின்மூண்டு கிழமை உயிரோட இருங்கோ," என்றாள். "அது காணும்."

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே வங்கிக்குப் போனோம். கடிதத்தில், காசோடு சேர்த்து அனுப்ப வேண்டிய பதினெட்டு இலக்கம் கொண்ட ஓர் எண் இருந்தது. அதில் ஓர் இலக்கம் பிழையானால் காசு யாருடைய கணக்கில் போய் விழுமோ? கவுண்டரில் இருந்த தமிழ்ப் பிள்ளையை நாலு தரம் வாசிக்க வைத்தேன்.

"அங்கிள், இப்ப எனக்கே பாடமாயிட்டுது," என்றாள் அவள்.

"ஐஞ்சாந்தரமும் வாசியும் பிள்ளை," என்றாள் என் மனைவி. "இல்லாட்டி இண்டைக்கு அவர் நித்திரை கொள்ளமாட்டார்."

ஆறு வருடத்துக்கும், அனுப்பும் கூலியோடு, இரண்டாயிரத்து எண்பத்தொன்பது டொலர் நாற்பத்தாறு சதம்.