என் முதுகின் அச்சு

சிறு வயதிலிருந்தே என் முதுகெலும்பு வலப்பக்கம் வளைந்திருக்கும். வலது தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்கும். எந்த நாற்காலியில் சாய்ந்தாலும் அந்த ஓர் இடம்தான் முட்டும். கோவில்பட்டியில் ஒரு மரப்பட்டறையில் உப்புத்தாள் தேய்ப்பதும் பாலீஷ் போடுவதும் என் வேலை. நாள் முழுக்க நாற்காலிகளுக்கு நடுவில் இருந்தும் எனக்கென்று சாய ஒன்று இல்லை.

முதுகு உடைந்த நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. எனக்கு ஏற்ற மாதிரி அதற்கு வளைந்த முதுகுப் பட்டை செய்துகொள்ளட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"என்னத்துக்கும்மா? ஒரு தலையணைய வச்சுக்கோ," என்றார்.

"தலையணை வேண்டாம் அண்ணாச்சி. நானே செய்யுதேன்."

பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வரும் மதினி என்னோடு பாலீஷ் போடுபவள். கனமான செம்புக் கம்பியை என் முதுகில் குறுக்காக வைத்து அழுத்தி வளைத்தாள். கம்பியின் வளைவைப் பிளைவுட்டில் வரைந்து, அறுத்து, அடுக்கி ஒட்டினேன். பார்த்தால் என் முதுகேதான். அச்சு தயார்.

நான்கு மில்லிமீட்டர் கனத்தில் நான்கு தேக்குப் பட்டிகளைப் பசை தடவி அடுக்கி, அச்சின் மேல் வளைத்து கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மறுநாள் கிளாம்பைக் கழற்றியதும் பட்டை மெல்ல விரிந்தது. புடைப்புக்கான பள்ளம் பாதிகூட இல்லை.

"மரமே ஒத்துக்கலையே. விடும்மா," என்றார் முதலாளி.

"கனம் கூடிப்போச்சு. மரத்து மேல குத்தமில்ல," என்றேன்.

இந்தத் தடவை இரண்டு மில்லியில் எட்டுப் பட்டிகள். விரிவதற்கும் சேர்த்து, வளைவைக் கொஞ்சம் கூட்டிப் புது அச்சு அறுத்தேன். உச்சி வெயிலில் நம்ம ஊர்க் காற்றுக்குப் பசை தடவும்போதே காய்ந்துவிடும். அதனால் காலையில் வெயில் ஏறுமுன் வந்தோம். பசை அச்சில் ஒட்டாதிருக்க பாலித்தீன் சுற்றினேன். ஒட்டும் முகம் ஒவ்வொன்றிலும் பசை தடவி, புடைப்பில் முதல் கிளாம்ப், பிறகு மாற்றி மாற்றி இரு ஓரங்களுக்கும். மதினி அழுத்திப் பிடித்தாள், நான் முறுக்கினேன். ஒவ்வோர் இடுக்கிலும் பசை பிதுங்கி வந்தது.

ஒரு முழுநாள் தொடவில்லை. கழற்றியபோது கொஞ்சம் விரிந்து, கம்பியின் வளைவுக்குச் சரியாக வந்து நின்றது.

இழைத்து, தேய்த்து, நாற்காலியில் பொருத்திச் சாய்ந்தேன். எங்கும் முட்டவில்லை. நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக முழு முதுகும் மரத்தில் பட்டது. மதினி, "என்னட்டி, தூங்கிட்டியா?" என்றாள்.

மறுநாள் அதை வாசலில் போட்டு உட்கார்ந்து தேய்க்கையில் முதலாளி வந்து நின்றார். "இதை உள்ள போட்டுக்கோம்மா. கோணலா ஒண்ணு வாசல்ல கெடந்தா வாரவிய நம்ம வேலையவே கோணல்னு நினைப்பாவ."

"வெளிச்சம் இங்கனதான் இருக்கு அண்ணாச்சி. கேட்டாவன்னா, என் முதுகுக்கு அளவெடுத்துச் செஞ்சதுன்னு நானே சொல்லுதேன்."

அவர் உள்ளே போய்விட்டார். இன்றும் அந்த நாற்காலி வாசலில்தான் கிடக்கிறது. அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் தேய்க்கிறேன்.