பென்சிலால் அடித்த ஏழாவது ஷரத்து

ஆரணியில் நான் பட்டு நூல் வியாபாரம் செய்தேன். அக்காவின் வீட்டுக்காரரான மாமாவுக்குச் சாயப்பொடி வியாபாரம். இருவருமாக ஒரு கிடங்கைப் பிடித்தபோது, வக்கீல் ஒருவர் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வரைவைத் தயாரித்துக் கொடுத்தார். வாடகை கட்டுவது மாமா, காவல்காரர் சம்பளம் என் பொறுப்பு. அவரவர் சரக்குக்கு அவரவர் இன்ஷூரன்ஸ். காலம் மூன்று வருடம். கதவில் இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. இருவர் ஆளும் வந்தால்தான் திறக்கும். ஏழாவது ஷரத்து பிரிவைப் பற்றியது. மூன்று மாதம் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும். அதுவரை கதவு வழக்கம்போலத் திறக்கவேண்டும். விலகுபவர் சாவியைச் சாட்சி முன்னால் ஒப்படைக்கவேண்டும்.

மஞ்சள் தடவிக் கையெழுத்திடப்போகும் பத்திரத்தில் பிரிவைப் பற்றி எழுதுவதா? அக்கா காதுக்குப் போனால்? பென்சிலால் அந்த ஷரத்தின்மேல் ஒரு கோடு இழுத்தேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சேரும்போது பேசாததைப் பிரியும்போது பேச முடியாதுங்க" என்றார்.

"மாமா தப்பா எடுத்துக்குவாருங்க" என்று சொல்லிவிட்டேன். ஆறு ஷரத்துகளோடு டைப் ஆகி வந்த பத்திரத்தில் மாமா கையெழுத்திட்டார்.

இரண்டாம் வருடம் அவருடைய சாய டின்கள் என் நூல் மூட்டைகள் பக்கம் வந்துவிட்டன. சாயம் பட்டால் நூல் பாழாகும் என்று நான் கத்தினேன். அவரும் கத்தினார். "எனக்கு இந்தச் சகவாசமே வேணாம்" என்று போனவர், மறுநாளிலிருந்து சாவியோடு ஆளை அனுப்பவில்லை. என் நூல் முழுவதும் உள்ளே. தை மாதம், கல்யாண ஆர்டர் நெருக்கும் நேரம்.

முள்ளிப்பட்டு நெசவாளர்கள் என் கடை வாசலில் நின்றார்கள். "ஊடை நூலு எப்போங்க வரும்? தறியில பாவு ஏத்தி வச்சிகினு சும்மா குந்திகினு இருக்கிறோம்" என்றார் ஒருவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பூட்டை உடைத்தால் போலீஸ் கேஸாகும் என்றார் வக்கீல். பதினோரு நாள் போயிற்று.

கடைசியில் வக்கீல்தான் எங்கள் இருவரையும் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். பிரிவுக்கு என்ன எழுதலாம் என்று கேட்டு, பழைய ஃபைலைப் பிரித்து அந்த முதல் வரைவை மேஜையில் வைத்தார். என் பென்சில் கோடு அப்படியே இருந்தது. மாமா அந்த ஷரத்தை இரண்டு முறை படித்தார்.

"இது அப்பவே எழுதினதா?"

"ஆமாங்க" என்றார் வக்கீல். "இவர்தான் வேணாம்னு அடிச்சார்."

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத எனக்குக் காட்டவே இல்லியேடா. காட்டியிருந்தா கண்ண மூடிகினு கையெழுத்து போட்டிருப்பேனே."

"அக்கா மனசு கஷ்டப்படுமேன்னுதான் மாமா..."

அவர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு வார்த்தையும் மாற்றாமல் அந்த ஷரத்தையே டைப் அடிக்கச் சொன்னார். பேனாவைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உங்கக்கா பதினோரு நாளா என்னோட பேசல. இன்னிக்குக் காலைல, உன் வீட்டு வாசலையும் இனிமே மிதிக்கமாட்டேன்னுட்டா."