சம்பு கல்வெட்டில் ஒரு பெயர் குறைகிறது

மணவாள நகரில் மாடி வீடுகள் பதினொன்று, ஆர்.கே.பேட்டையில் ஒரு அரிசி மில்லின் களம், செவ்வாப்பேட்டையில் தண்ணீர் தேங்குகிற மனையில் ஒரு கல்யாண மண்டபம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் எழுப்பியவை இவை. என் அப்பா அறுப்புக் கூலி. முதல் கொத்துக் கரண்டியை நான் இரவல் வாங்கித்தான் பிடித்தேன். இன்றுவரை நான் கட்டிய எந்த நிலத்தடித் தொட்டியும் கசிந்தது கிடையாது. கசியப் பார்த்தது ஒன்றுதான். அதையும் நான்தான் நிறுத்தினேன். ஆனால் அதன் கல்வெட்டில் இருப்பது என் மைத்துனன் பெயர்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை ஓரம், கம்பெனிகளில் வேலை செய்யும் அறுபது பேர் தங்க முதலாளி ஒருவர் விடுதி கட்டினார். கட்டிடம் மைத்துனன் காண்ட்ராக்ட். என் மனைவியின் தம்பி. என்னிடம் சித்தாளாக இருந்து தொழில் பழகியவன். இப்போது கார் வைத்திருக்கிறான். சம்பு, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, மட்டும் என் பொறுப்பு என்று முதலாளியிடம் அவனே சொல்லி என்னைக் கூட்டிப் போனான். அது எனக்குப் பெருமையாக இல்லை. என்னை அவன் கூட்டிப் போவதா என்றுதான் இருந்தது.

முதலாளி பன்னிரண்டாயிரம் லிட்டர் போதும் என்றார். தண்ணீர் லாரி கொண்டுவருவதும் அவ்வளவுதானே என்று கணக்கு. தொட்டி சுத்தமாகக் காலியானால்தான் அந்த லாரியை இறக்க முடியும், அதுவரை அறுபது பேரும் எதில் குளிப்பார்கள் என்று கேட்டேன். ஆளுக்கு நூறு லிட்டர் என்றால் நாளைக்கு ஆறாயிரம். ஒரு நாள் தண்ணீர் கையிருப்பில் இருக்கும்போதே ஒரு முழு லாரி இறங்க வேண்டும். ஆக பதினெட்டாயிரம். உள்ளளவு பத்துக்குப் பத்து, தண்ணீர் ஆறரை அடி நிற்கும், அதற்கு மேல் ஒரு அடி வெற்றிடம். வாய்க்கணக்காகச் சொன்னேன். முதலாளி என்னைப் பார்க்காமல் மைத்துனனைப் பார்த்துத் தலையாட்டினார்.

தளத்தோடு சேர்த்தே சுவரின் அடிப்பகுதியையும் ஒரு சாண் உயரத்துக்கு வார்த்தேன். அதன் நடுவில் நீர்த்தடுப்புப் பட்டையை, பாதி கான்கிரீட்டுக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்கும்படி கம்பியில் கட்டி நிறுத்தினேன். பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் சேரும் இடம் அது. அங்கே தூசி இருந்தாலே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். கொத்தி, கழுவிச் சுத்தம் செய்தேன்.

சுவர் வார்க்கிற அன்று முதலாளியின் மனைவி ஈசானிய மூலையில் பூஜை செய்தார். நான் வெளியே மிக்சரில் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நின்றவன் மைத்துனன்.

சுவர் இறுகியதும் வெளிப்பக்கம் மண் தள்ளிவிடலாம் என்றான். நான் விடவில்லை. தண்ணீர் நிரப்பினேன். மறுநாள் ஈசானிய மூலையில், இணைப்பு வரியில் வெளியே ஈரம் படர்ந்திருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி உளி வைத்தேன். சாமந்திக் காம்பும் மாலை நாரும் தேங்காய்ச் சில்லும் வந்தன.

"இன்னா மச்சான் இது, சொவுத்துக்குள்ள மாலையா?"

"மொதலாளியம்மா போட்டாங்க மாமா. அவுங்க பாத்துக்கினு நிக்கறப்போ சாமிக்கு வெச்சத நா எப்டி வாரிப் போடுவேன்?"

"ஒரு தட்டுல வெச்சி வாங்கிக்கினு வந்து குடுத்துருக்கலாமே. சாமி கோச்சுக்காது. தண்ணிதான் கோச்சுக்கும்."

பூ இருந்த ஓட்டைக் கான்கிரீட்டை, பட்டை கிழியாமல் கெட்டியான இடம் வரும்வரை கொத்தியெடுத்தேன். கழுவி, சுருங்காத சிமெண்டை இறுக்கி அடைத்தேன். இறுகிய பிறகு மறுபடி நிரப்பினேன். வெளிச்சுவர் காய்ந்தே நின்றது. அடைத்த அன்று உளியை அவனிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில்தான் முதலாளி வந்தார். சேறும் உளியுமாக நின்றவனைத் தட்டிக்கொடுத்தார். அவனும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான்.

மூடுதளத்தில் அவன் செய்ததை மறைக்க மாட்டேன். தரையின் சரிவு போய்ச் சேரும் குழிக்கு நேர் மேலே, உடம்பு தாராளமாக நுழைகிற அளவில் திறப்பு வைத்தேன், மழைத்தண்ணீர் உள்ளே போகாதபடி விளிம்பைத் தூக்கி. எதிர்மூலையில் இரண்டாவது திறப்பு அவன் யோசனை. கழுவ இறங்குகிறவனுக்குக் காற்று வேண்டும், இரண்டையும் திறந்து வைத்துக் காற்றாடி போட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும் என்றான். நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்று அன்று சோறு இறங்கவில்லை.

திறப்பு விழாவில் பட்டு வேட்டி அவனுக்கு. எனக்கும் ஒரு துண்டு போட்டார்கள், பந்தலில் நின்ற எல்லோருக்கும் போட்டது போல. கல்வெட்டில் 'கட்டிடமும் நீர்த்தொட்டியும்' என்று வெட்டி, அடியில் அவன் பெயர் ஒன்றுதான். என் மனைவி, தம்பி பேர் வந்தால் நம் பேர் வந்த மாதிரிதானே என்கிறாள். இல்லை. கட்டிடம் அவனுடையது, இரண்டாவது திறப்பும் அவனுடையது. அவை அவன் பெயரிலேயே இருக்கட்டும். தொட்டி என்னுடையது. அந்தக் கல்லில் கீழே நாலு விரற்கடை இடம் காலியாக இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். முதலாளி அதில் என் பெயரை வெட்டித் தரவேண்டும்.