இரண்டு கம்பத் தூரம்

எங்கள் தொழிற்சாலையில் நிரந்தர வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு இடம் இருந்தது. பத்து கிலோமீட்டரை நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் ஓடும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்த இடம். ஓசூர் சிப்காட் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த ஓட்டத்தில், அசெம்பிளி லைனில் வேலை செய்த நாகரசம்பட்டிப் பெண் 44:41-இல் வந்தாள். அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உள்ள வந்துட்டேன்ல?" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

தூரத்தை அளந்தவள் நான். தரக்கட்டுப்பாட்டில் அளவுகோல்களைச் சரிபார்ப்பது என் வேலை என்பதால் இதையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவை இரும்பு டேப்போடு ஒப்பிட்டு, சாலையை மூன்று முறை அளந்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில் சுற்றுச்சுவரில் மஞ்சள் கோடு போட்டு, அதற்கு நேரே ஒரு காலி ட்ரம்மை நிறுத்தினேன். எல்லோரும் அதைச் சுற்றித் திரும்பி, வந்த வழியே முடிவுக்கு ஓட வேண்டும்.

திங்கட்கிழமை நேரப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதுதான் உறுத்தியது. வழக்கமாக ஓடுகிற எல்லோருமே அரை நிமிடம் முன்னால் வந்திருந்தார்கள். ஒருவர் முந்தினால் பயிற்சி. எல்லோரும் முந்தினால் அளவில் பிழை.

மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தேன். ட்ரம் மஞ்சள் கோட்டருகே இல்லை. கேட்டிலிருந்த செக்யூரிட்டி சாதாரணமாகச் சொன்னார்.

"கன்டெய்னர் வண்டி திரும்ப எடம் பத்தல மேடம். விடியறதுக்குள்ள வெளிய போவணும்னு டிரைவர் ஒரே கத்தல். அதான் இந்தாண்ட தள்ளி வெச்சேன். ரெண்டு கம்பத் தூரந்தான்."

டேப்பை விரித்தேன். அறுபது மீட்டர், புறப்பட்ட இடத்தின் பக்கமாக.

பணியாளர் பிரிவு மேலாளர் அன்று மாலைக்குள் பெயரை அனுப்ப வேண்டும். குறைந்த தூரத்தில் ஓடிய நேரத்தைப் பத்து கிலோமீட்டர் நேரமாக ஏற்க முடியாது, மறுபடி நடத்தலாம் என்றேன். தூரம் கூடியிருந்தால் கவலையில்லை. அதிகம் ஓடியும் நாற்பத்தைந்துக்குள் வந்தவள் தகுதியானவள்தான். குறைந்ததுதான் வம்பு.

"மறுபடியா? ரோட்ட அடைக்க ஒரு தடவைதாம்மா போலீஸ் ஒத்துக்கிச்சு" என்றார். "கணக்கு போட்டு சரி பண்ணிக் குடு. அறுபது மீட்டர்தானே?"

அவர் முன்னாலேயே கால்குலேட்டரில் போட்டேன். 44:41 என்பது 2681 வினாடி. அதை 9940-ஆல் வகுத்து 10000-ஆல் பெருக்கினால் 2697. அதாவது 44:57.

"அப்ப உள்ளதான இருக்கா! கையெழுத்த போடு" என்று சிரித்தார்.

பேனா என் கையில் இருந்தது. அவர் கவனிக்காததை நான் கவனித்திருந்தேன். ட்ரம் அறுபது மீட்டர் முன்னால் வந்தால், போகும்போது அறுபது, திரும்பும்போது அறுபது. ஓடிய தூரம் 9880. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த அறையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

"சார், நூற்றிருபது" என்றேன்.

மறுபடி போட்டேன். 45:14.

அவர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். "நீ சும்மா இருந்திருக்கலாம்மா" என்றார். பிறகு அந்த இடத்துக்கு யாரும் தகுதி பெறவில்லை என்று எழுதி அனுப்பினார்.

ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் சொன்னேன். காகிதத்தில் ட்ரம்மையும் கோட்டையும் வரைந்து காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"நீங்க திரும்பச் சொன்ன எடத்துலதானக்கா திரும்புனேன்?"

"ஆமா."

"அந்த நூத்தியிருபது மீட்டர நான் ஓடவே இல்லியே. அதுக்கு எப்படி டைம் போட்டீங்க?"

மீதித் தூரத்தையும் அதே வேகத்தில் ஓடியிருப்பாள் என்று வைத்துக்கொண்டு போட்டது என்றேன். முப்பத்து மூன்று வினாடி கூடியது.

"எத்தினிக்குள்ள ஓடணும்?"

"நாப்பத்தஞ்சுக்கு மிச்சம் இருந்தது பத்தொன்பது வினாடி."

"கடைசியில நான் இழுத்து ஓடுவேன்க்கா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனாலும் பத்து கிலோமீட்டர் ஓடிய கால்களால் பத்தொன்பதில் முடியாது என்பதும் தெரியும்.

அவள் டிபன் பையை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். "இப்ப ஓடுறேன், பாருங்க" என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிறுத்தத்திலிருந்த விளக்குக் கம்பத்திலிருந்து நான்காவது கம்பத்தை நோக்கி ஓடினாள். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களில் யாரோ விசிலடித்தார்கள். என் சட்டைப்பையில் ஸ்டாப் வாட்ச் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. என்ன நேரம் வந்தாலும் எழுதுவதற்கு இடம் இல்லை. தூரத்தில் அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, கையை உயர்த்தி, எவ்வளவு என்று கேட்டாள்.