பதினொரு மாதக் கட்டிடம்

யாழ்ப்பாணம் பெரிய கடை வியாபாரப் பகுதியில் பாதிக் கட்டிடத்துக்குச் சொந்தக்காரி நான். ஆனாலும் மானிப்பாயில் வாடகை வீட்டில்தான் இருந்தேன். லண்டனிலிருந்த வீட்டுக்காரர் விற்கப் போகிறேன் என்றும், எனக்கென்றால் ஒரு கோடியே முப்பத்தைந்து இலட்சத்துக்குத் தருகிறேன் என்றும் சொன்னபோது, என் பங்கை விற்று அதை வாங்கிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். வயது போன காலத்தில் இன்னொரு வீடு தேடி அலைய எனக்கு உடம்பிலும் பலமில்லை, மனதிலும் இல்லை.

மற்றப் பாதி அண்ணையுடையது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் முதலில் பங்காளியிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன். "வெளியாக்களுக்கு ஏன் குடுக்கிறாய், நானே எடுக்கிறன்" என்றார். எனக்குச் சந்தோஷம். கட்டிடம் முழுவதும் ஒரு வங்கிக் கிளைக்குக் குத்தகைக்குப் போயிருந்தது. வங்கியோடு கதைப்பது, திருத்த வேலை பார்ப்பது எல்லாம் அண்ணைதான். எங்கள் குடும்பத்தில் பெண் சகோதரம் காட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கும், அவ்வளவுதான்.

விலை மதிக்க அண்ணை ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். நான் படிப்பித்தவள் என்று தெரிந்ததும் எனக்கும் விளங்கும்படி சொன்னார்.

"இது பிரித்தல் கணக்குத்தான் ரீச்சர். மாநகரசபைக்குக் கட்டுற சோலை வரி, திருத்தச் செலவு எல்லாம் கழிச்சு வருசத்துக்கு இருபத்திநாலு இலட்சம் கையிலை வருது. அதை ஒரு வீதத்தாலை பிரிச்சால் கட்டிடத்தின்ரை பெறுமதி. ஆபத்துக் கூடினால் வீதமும் கூடும், பெறுமதி குறையும்."

"என்ன ஆபத்து? வங்கி வாடகை தராமல் ஓடுமே?" என்று கேட்டேன்.

"வங்கி ஓடாது. ஆனால் குத்தகை முடிய இன்னும் பதினொரு மாதந்தான் கிடக்கு. புதுப்பிக்கிறதாக ஒண்டும் இல்லை. அவை விட்டிட்டுப் போனால் கட்டிடம் சும்மா கிடக்கும், பிறகு சின்னக் கடைக்காரர் வந்து குறைச்சுக் கேப்பினம். அதாலை நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் போடுறன். இரண்டு கோடி."

"பத்து வருசம் மிச்சம் இருந்தால்?"

"உப்பிடி ஒரு குத்தகைக்காரர், பத்து வருசம் எண்டால் எட்டு வீதம் போடலாம். மூண்டு கோடி வரும்."

அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்கள் வேறை இடம் பாக்கிறாங்கள் போலை கிடக்கு" என்றார். குரலில் எவ்வளவு கவலை! இடம் காலியாகக் கிடந்தால் அண்ணை தனியே சுமக்க வேண்டுமே என்று எனக்கு அவரில் இரக்கம்கூட வந்தது.

நொத்தாரிசிடம் போய் ஒரு கோடிக்கு என் பாதியை எழுதிக் கொடுத்தேன். மிச்சத்துக்கு நகையையும் சேமிப்பையும் சேர்க்கலாம் என்று நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் அதற்குப் பிறகும் பதினைந்து இலட்சம் குறைந்தது.

காசை அந்த வங்கியிலேயே போட்டேன். இரண்டு மாதம் கழித்து வட்டி விசாரிக்கப் போனபோது முகாமையாளர் எழும்பி வந்து கதிரை தந்தார்.

"நாங்கள் இன்னும் பத்து வருசம் இஞ்சைதான், அம்மா. போன கிழமை கையெழுத்து வைச்சாச்சு. உங்கடை அண்ணையோடை போன வருசமே எல்லாம் கதைச்சு முடிஞ்சுது. பிறகு நீங்கள் விக்கிறீங்கள் எண்டதும், காணி உறுதி ஒரு பேருக்கு வரட்டும், அதுக்குப் பிறகு எழுதுவம் எண்டவர்."

"வாடகை கூட்டினீங்களோ?"

"இல்லை, அதே வாடகைதான்."

ஒரு செங்கல் கூட்டவில்லை, ஒரு சதம் கூட்டவில்லை. என் பாதி ஐம்பது இலட்சம் ஏறிவிட்டது, அது என்னுடையதாக இல்லாமல் போன பிறகு. அங்கிருந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"மதிப்பாளரிட்டை ஏன் சொல்லேல்லை?"

"எழுதாத குத்தகையை எப்பிடிச் சொல்லுறது?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கேல்லையே."

சொந்தத் தங்கையின் பங்கை மலிய வைக்க ஒரு கையெழுத்தைத் தள்ளிப்போட்ட மனிதரிடம் நான் வேறென்ன கேட்பது? அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒரு கிழமை கழித்து ஐந்து இலட்சம் கொடுத்தனுப்பினார். முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் வீடு இன்னும் கைவிட்டுப் போயிருக்கவில்லை, ஐந்து இலட்சத்துக்கும் தேவை இருந்தது. வாங்கிக்கொண்டேன். அப்படியும் பத்து இலட்சம் குறைந்தது. வீட்டை வேறொருவர் வாங்கினார். நான் நீர்வேலிப் பக்கம் இரண்டு அறை எடுத்துப் போனேன்.

அங்கே வந்த மச்சாள் ஒருத்தி சாமான் அடுக்க உதவிக்கொண்டே சொன்னாள்: "பங்குக்கு மேலையும் ஐஞ்சு இலட்சம் குடுத்தவராமே. இந்தக் காலத்திலை ஆர் அப்பிடிச் செய்யினம்? உங்களுக்கு நல்ல அண்ணை."

காசை வாங்கியது என் கைதானே. "ஓம்" என்றேன்.