ஒரு வேலைக்கு இரண்டு சிபாரிசு

தெருவில் அவளுக்கு ‘ஹலோ அக்கா’ என்று பெயர். காலையில் பால் வாங்கப் போகும்போதும் காதில் போன். பஸ்ஸில் போன். துணி காயப்போடும்போது போனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாரோ முகம் தெரியாத ஒருவரிடம் “சார், நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஆள் தேர்வு ஏஜென்சியில் கன்சல்டன்ட். மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறைகளும் ஓடாத ஒரு ஏசியும் கொண்ட ஆபீஸ்.

“ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தர்ற. உனக்கு ஒரு நல்ல வேலை உன் லிஸ்ட்ல வராதா?” என்று கணவன் கேட்பான். கேலியாக ஆரம்பித்த கேள்விதான். வருஷங்கள் போகப் போக அதில் கேலி தேய்ந்து கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது.

அந்தச் சமயத்தில் அவள் கையில் ஒரே ஒரு நல்ல ஆள் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரு தொழிற்சாலைக் கிடங்கை ஆண்டுக்கணக்கில் நிர்வகித்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனதுக்குள் அவரை ‘ஸ்டோர்ஸ் சார்’ என்றே வைத்திருந்தாள்.

முதல் நாள் வந்தவர் உட்காரும் முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தார்.

“என்ன சார் இது?”

“ரிஜிஸ்ட்ரேஷன். போன தடவை ஒரு ஆபீஸ்ல முதல்லயே கட்டச் சொன்னாங்க.”

“வேலை வந்துதா?”

“ஆபீஸே இல்ல மேடம் இப்ப. போர்டைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க.”

கவரை அவர் பக்கமே தள்ளிவிட்டாள். “உள்ள வைங்க. எங்களுக்குக் கம்பெனிதான் காசு தரும். நீங்க போய்ச் சேர்ந்தா, உங்க வருஷச் சம்பளத்துல இத்தனை சதவீதம்னு பேச்சு. கிட்டத்தட்ட உங்க ஒரு மாசச் சம்பளம் வரும். சேரலைன்னா ஒண்ணும் இல்ல. சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள விட்டுட்டுப் போனா நாங்க வேற ஆள் இலவசமா தேடித் தரணும்.”

“அப்ப நீங்க எங்க ஆள் இல்லையா?”

யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. அவள் சிரித்தாள்.

“இல்ல சார். காசு தர்றவங்க ஆள்தான். அவங்களுக்கு ஆள் தேடறேன், உங்களுக்கு வேலை தேடலை. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான் என்னால முடியும். நான் கூப்பிடலைன்னா விஷயம் நகரலைன்னு அர்த்தம். எனக்காக உக்காந்திருக்காதீங்க, நீங்களும் தேடுங்க. ஒண்ணே ஒண்ணு. ஒரு கம்பெனிக்கு ஒரு ஏஜென்சி வழியாத்தான் போகணும்.”

அவர் தலையாட்டினார். தலையாட்டியதை அவள் நம்பினாள். களைத்தவர்கள் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள்.

சில வாரங்களில் ஒரு பெரிய விநியோகக் கம்பெனியில் கிடங்கு மேலாளர் வேலை வந்தது. போனில் கம்பெனி பெயரைச் சொல்லி, உங்கள் பயோடேட்டாவை அனுப்பலாமா என்று கேட்டு, சரி என்று அவரை ஒரு வரி மெயில் போடவும் வைத்தாள். ஆனால் அவருடைய பயோடேட்டா பரிதாபமாக இருந்தது. அவர் செய்ததில் பாதி அதில் இல்லை. அன்று சாயங்காலம் முழுவதும் போனிலேயே உட்கார்ந்து, கணக்கில் வராத சரக்கை எப்படிக் குறைத்தார், எத்தனை பேரை மேய்த்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். மறுநாள் காலை அனுப்பினாள்.

மதியமே கம்பெனியின் எச்.ஆர். பெண் கூப்பிட்டாள்.

“இவரை இன்னொரு ஏஜென்சியும் அனுப்பியிருக்கு. நேத்து சாயங்காலமே வந்தாச்சு.”

“எங்ககிட்ட அதுக்கு முன்னாடியே சம்மதம் சொல்லியிருக்காரு.”

“அவங்களும் சம்மதம் இருக்குன்னுதான் சொல்றாங்க. நாளைக்கு ரெண்டு பேரும் பில்லோட வந்து நிப்பீங்க, என்னால ஆகாது. நீங்களே பேசி முடிச்சுட்டு வாங்க. இல்லைன்னா இவரை விட்டுட்டு அடுத்த ஆளைப் பாத்துக்கறோம்.”

ஸ்டோர்ஸ் சாரைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் குக்கர் விசில் கேட்டது. அவர் மனைவி யாரிடமோ ‘சத்தம் போடாதே’ என்றாள்.

“சார், வேற யாருக்காவது சரின்னு சொன்னீங்களா?”

“ஆமாம் மேடம். அன்னிக்கே இன்னொரு ஆபீஸ்லேர்ந்து கேட்டாங்க. அதே கம்பெனிதான்.” அவர் குரலில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. “ரெண்டு பேர் சொன்னா கனமா இருக்கும்ல?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கிடங்கு வேலைக்கே தெரிந்தவர் இரண்டு பேரைப் பிடித்து உள்ளே போன தலைமுறை. அவருக்கு அது சிபாரிசு. கம்பெனிக்கு அது தகராறு. அதை எடுத்துச் சொன்னாள்.

“கெடுத்துட்டேனா மேடம்?”

“பாக்கறேன் சார்.”

போட்டி ஏஜென்சிக்காரனைக் கூப்பிட்டு, வரும் காசைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோமா என்றாள். அவன் வாயில் எதையோ மென்றுகொண்டே, “எங்க மெயில்தானே முன்னாடி போச்சு, நான் எதுக்குக்கா பாதி தரணும்?” என்றான்.

அவளுடைய முதலாளி கொதித்தார். “சம்மதம் நம்மகிட்ட முதல்ல. மெயில் இருக்கு. விடாத, சண்டை போடு.”

“போட்டா ஜெயிக்கலாம் சார். அதுக்குள்ள அவரைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அந்தாளுக்கும் வேலை இல்ல, நமக்கும் பில் இல்ல. விட்டுக் கொடுத்தா எச்.ஆர். நம்மளை ஞாபகம் வச்சுக்கும்.”

“விட்டுக் கொடு. உன் இன்சென்டிவ் போயிடும், தெரியும்ல? டார்கெட்டைக் குறைக்க மாட்டேன்.”

தெரியும். அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகையோடு தீர்ந்துவிடும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இந்த இன்சென்டிவைத்தான் மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விரல் எழுத்துகளின் மேல் நின்றது. ஒரு சாயங்காலம் முழுக்க அவர் சொல்லச் சொல்ல எழுதிய அந்தக் கிடங்கு, அவளே வேலை பார்த்த இடம்போலக் கண்ணில் வந்து நின்றது. ‘இந்த நபர் மீது எங்களுக்கு உரிமை கோரல் இல்லை. இணைத்திருக்கும் விரிவான பயோடேட்டாவைப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, முகம் கழுவப் போனாள். நீண்ட நேரம் குழாய் ஓடியது.

இன்டர்வியூ நடந்தது. கம்பெனிக்கு அவரையே பிடித்துவிட்டது.

சில நாள் கழித்து அவர் கூப்பிட்டார். “அம்மா, உங்ககிட்ட கேக்கக் கூடாதுதான்.” மேடம் எப்போது அம்மா ஆனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. “சம்பளம் கொஞ்சம் கம்மியா சொல்றாங்க. அந்த ஏஜென்சித் தம்பி, உடனே சரின்னு போடுங்க, கேட்டா கெட்டுடும்னு அவசரப்படுத்தறாரு.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் இப்போது அவளுடைய ஆள் இல்லை, பில்லும் அவளுடையது இல்லை.

“சம்பளம் கொஞ்சம் ஏறினா அவருக்குக் கொஞ்சம்தான் ஏறும் சார். நீங்க சேராமப் போனா மொத்தமும் போயிடும். அந்தப் பயம் அவருக்கு. முடியாதுன்னு சொல்லாதீங்க. வரத் தயார்னு முதல்ல சொல்லிட்டு, பழைய சம்பளத்தைச் சொல்லி, அந்த அளவுக்கு வருமான்னு ஒரே ஒரு தடவை மரியாதையா கேளுங்க. இல்லைன்னா சேர்ந்துடுங்க. உங்க வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும்.”

கேட்டார். கொடுத்தார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் கை தட்டில் நின்றது. “அப்ப உன் யோசனையால அந்தப் பயலோட பில் இன்னும் ஏறிடுச்சு?”

“ஆமா.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பின் நடுவில் கண் நிறைந்துவிட்டது. அவன் பார்க்காத மாதிரி தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். “பீஸுக்கு என் ஆபீஸ்ல முன்பணம் கேக்கறேன், விடு” என்றான். அந்த முன்பணக் கடன் எப்படி அடையும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஸ்டோர்ஸ் சார் வேலையில் சேர்ந்த காலையில் ஒரு போட்டோ அனுப்பினார். கழுத்தில் அடையாள அட்டை, பக்கத்தில் மனைவி, இருவரும் கேமராவை முறைத்துக்கொண்டு. கீழே ஒரு வரி: ‘இனிமே யாராவது கேட்டா ஒரு ஆள்கிட்ட மட்டும் சரின்னு சொல்லச் சொல்றேன்மா.’

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. போட்டோவைப் பெரிதாக்கி ஒரு தடவை பார்த்தாள். பிறகு பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்தினாள்.

“ஹலோ சார், ஒரு வேலை விஷயமா பேசறேன். முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், வேற எந்த ஏஜென்சிக்காவது சரின்னு சொல்லியிருக்கீங்களா?”