எட்டு நொடி

சானல் பார்க்கிறவர்களுக்கு அவர் ‘இங்கிலீஷ் அக்கா’. பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தியவர், வேலையை விட்டுவிட்டு, உள்ளறை ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுக் கேமரா முன்னால் உட்கார்ந்தார். முதல் நிலையில் நாற்பது பாடம், இரண்டாம் நிலையில் முப்பது. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பயிற்சி உண்டு: அவர் கேள்வி கேட்பார், பார்ப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். எடிட்டிங் அவருடைய தம்பி.

மூன்றாம் நிலை வெளியாக வேண்டிய நாளில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் போன் செய்தார். எழுபது பாடத்தையும் ஒன்று விடாமல் பார்த்தவராம். மதியம் மூன்று மணிக்கு இங்கிலீஷில் இன்டர்வியூ.

“உங்க வேலையப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க” என்றார் அக்கா.

“ஐ... அக்கா, வரமாட்டேங்குது.”

“பயிற்சியெல்லாம் செஞ்சீங்களா?”

“எங்க செய்யறதுக்கா? கேள்வி கேட்ட கையோட நீங்களே பதிலும் சொல்லிடறீங்களே.”

“அப்புறம் கூப்பிடறேன்” என்று அக்கா போனை வைத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு மனதுக்குள் எட்டு வரை எண்ணிவிட்டுத்தானே பதில் சொன்னார்? பன்னிரண்டாம் பாடத்தைப் போட்டுப் பார்த்தார். கேள்வி, உடனே பதில். மூச்சு விடக்கூட இடமில்லை.

“சும்மா உக்காந்திருக்கற எடத்தையெல்லாம் வெட்டிட்டேன்க்கா” என்றான் தம்பி. “அங்கதான் பாதிப் பேரு ஓடிப்போயிடறாங்க. கிராஃபைப் பாரு.”

“எழுபதுலயுமா?”

“எழுபதுலயும்.”

அவனை எந்த வாயால் திட்டுவது? அடுத்தவர் பிள்ளைகளின் நோட்டை வரிவரியாகத் திருத்தியவர், தன் முகத்தைத் தானே பார்க்கக் கூச்சப்பட்டு ஒரு வீடியோவையும் முழுசாகப் பார்த்ததில்லை.

“திருப்பிச் சேக்க முடியுமா?”

“ஏத்தின வீடியோல வெட்டலாம், சேக்க முடியாது. வெட்டாதது எங்கிட்ட இருக்கு, ஆனா புதுசாத்தான் ஏத்தணும். வியூஸ், கமெண்ட் எல்லாம் மொதல்லேருந்து.”

மணி பன்னிரண்டு நாற்பது. அக்கா மெக்கானிக்கைத் திரும்ப அழைத்து, அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எட்டு நொடி போயிற்று. பதினைந்தும் போயிற்று. பதில் அக்காவின் நாக்கு நுனியில் துடித்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. உதட்டைக் கடித்துக்கொண்டார். இந்த மனிதர் இன்று வாய் திறக்காவிட்டால் தன் எழுபது பாடமும் வெறும் வேடிக்கை என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது.

இருபத்தாறாவது நொடியில் மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

“ஐ ரிப்பேர் லிஃப்ட்ஸ்.” கொஞ்சம் நிறுத்தினார். “வென் பீப்பிள் ஆர் ஸ்டக் இன்சைட்... ஐ டாக் டு தெம். அண்ட்டில் த டோர் ஓப்பன்ஸ்.”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கேள்வியைக் கேட்டார். போனைக் காதோடு பிடித்தபடியே தம்பியிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்: ‘மூன்றாம் நிலை இன்றைக்கு வேண்டாம். ஒன்றாம் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் வெட்டாமல் புதிதாக ஏற்று.’